அரைப் பைசா வெட்டு: ரெகுலரா, டைரக்டா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறேன். பேங்கில் இருக்கும் ஒருவர்தான் சேர்த்துவிட்டார். அவருக்கு நான் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. கூட வேலை பார்ப்பவரோ, “உன்னுது ரெகுலர் பிளான், வருடத்துக்கு ஒரு பர்சென்ட் கூடப் போகுது, டைரக்டுக்கு மாறு” என்று நச்சரிக்கிறார். ஒரு பர்சென்ட்டுக்கு இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா? – ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கையால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபண்டு நடத்தும் கம்பெனி தன் செலவையெல்லாம் திட்டத்தின் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மேனேஜர் சம்பளம், கணக்கு வழக்கு, உங்களைச் சேர்த்துவிட்டவருக்கான கமிஷன் எல்லாம் இதில் அடக்கம். இதைத்தான் செலவு விகிதம் என்கிறார்கள். வருடத்துக்கு 2% என்றால் மார்ச் மாதம் பில் வரும் என்று நினைக்காதீர்கள். அதை 365-ஆல் வகுத்து, தினமும் கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் அன்றைய விலையை, அதாவது என்ஏவி-யை வெளியிடுகிறார்கள். 100 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு அரைப் பைசாவும் கொஞ்சமும். உங்கள் யூனிட் எண்ணிக்கை குறையாது, ஸ்டேட்மென்டில் ‘கட்டணம்’ என்று ஒரு வரி இருக்காது. சந்தை ஒரே நாளில் ஒரு ரூபாய் ஏறி இறங்கும்போது அரைப் பைசா யார் கண்ணில் படும்?

முன்பு இப்படி இல்லை. 2009 ஆகஸ்டுக்கு முன் ‘என்ட்ரி லோடு’ என்று ஒன்று இருந்தது. ஈக்விட்டி ஃபண்டில் பொதுவாக 2.25%. 10,000 போட்டால் 225 ரூபாய் அப்போதே போய்விடும், மனிதருக்குக் கோபமாவது வரும். சந்தையைக் கண்காணிக்கும் செபி அதை நிறுத்தியது. ஆனால் நீங்கள் பணத்தை வைத்திருக்கும் வரை வருடாவருடம் போகிற கமிஷன் நிற்கவில்லை. அப்புறம் 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் டைரக்ட் பிளான் ஒன்று இருக்க வேண்டும் என்று செபி விதி கொண்டுவந்தது. அதே மேனேஜர், அதே பங்குகள், அதே நாளில் வாங்கல் விற்றல். இடையில் கமிஷன் வாங்குபவர் மட்டும் இல்லை.

சரி, ஒரு பர்சென்ட் கணக்குக்கு வருவோம். சந்தை சராசரியாக 12% தருகிறது, ரெகுலரில் செலவு 2%, டைரக்டில் 1% என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண். சந்தை 12% தரும் என்று நான் எங்கும் எழுதித் தரவில்லை. உங்கள் கையில் வருவது ரெகுலரில் 10%, டைரக்டில் 11%.

மாதம் 10,000 வீதம் ஆறு வருடத்தில் நீங்கள் போட்டது 7.2 லட்சம். 10% கணக்கில் அது இப்போது சுமார் 9.68 லட்சமாக இருக்கும். முதல் நாளிலிருந்தே டைரக்டில் போட்டிருந்தால் 9.97 லட்சம். வித்தியாசம் 29,000 ரூபாய். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றுகிறது இல்லையா? பத்து வருடத்தில் பார்த்தாலும் அந்த இடைவெளி 1.07 லட்சம்தான். இருபதாவது வருடம் அது 9 லட்சம். இருபத்தைந்தாவது வருடம் 20.75 லட்சம். முதல் இருபது வருடத்தில் போனதைவிடக் கடைசி ஐந்து வருடத்தில் போவது அதிகம்.

காரணம், இந்தக் கட்டணம் நீங்கள் மாதாமாதம் போடும் பணத்துக்கோ வந்த லாபத்துக்கோ அல்ல, சேர்ந்திருக்கும் மொத்தத் தொகைக்கு. முதல் வருடம் கணக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் இருக்கும். அதில் ஒரு பர்சென்ட் யாருக்கும் உறைக்காது. இருபதாவது வருடம் ரெகுலரில் உங்களிடம் 72 லட்சம் இருக்கும். அதில் ஒரு பர்சென்ட் 72,000. மாதத்துக்கு 6,000 ரூபாய். நீங்கள் ஒரு கையால் 10,000 போடுகிறீர்கள், இன்னொரு பக்கம் 6,000 போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் என்றைக்கோ ஒரு மதியம் படிவத்தில் கையெழுத்து வாங்கியதற்கு. சந்தை இறங்கி நீங்கள் நஷ்டத்தில் இருக்கும் வருடமும் இது நிற்காது.

இன்னொன்று. ‘ஒரு பர்சென்ட்’ என்று சொல்லும்போது நூறில் ஒன்று என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் வருவதே பன்னிரண்டுதான், அதில் ஒன்று போகிறது. விலைவாசி 6% ஏறுகிறது என்றால் உண்மையில் நீங்கள் முன்னேறுவது ஆறு, ஆறில் ஒன்று.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆறு வருடம் வீணாகிவிட்டதே என்று நொந்துகொள்ளத் தேவையில்லை. இன்றைக்கு மாறி இன்னும் 19 வருடம் அதே 10,000 போட்டால், வரி கழிக்காமல், சுமார் 1.42 கோடி வரும். மாறாமல் இருந்தால் 1.23 கோடி. முதலிலிருந்தே டைரக்டில் இருந்திருந்தால் 1.44 கோடி. அதாவது மாறினால் கிட்டத்தட்ட முழு வித்தியாசமும் கையில் நிற்கும். ஆனால் 19 வருடம் கழித்து வரும் இந்த 18 லட்சத்துச் சொச்சத்தை இன்றைய காசாக நினைத்துவிடாதீர்கள். விலைவாசி 6% ஏறினால் இன்றைய மதிப்பில் அது 6 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். அதுவே சின்னத் தொகை இல்லை.

என் எண்களை நம்ப வேண்டாம், உங்களுடையதைப் பாருங்கள். எல்லா ஃபண்டுகளையும் சேர்த்து வரும் கன்சாலிடேட்டட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் மெயிலில் வந்திருக்கும். திட்டத்தின் பெயரோடு Regular அல்லது Direct என்று இருக்கும். அந்த ஸ்டேட்மென்ட் அரையாண்டுக்கு ஒருமுறை வரும்போது, உங்கள் முதலீட்டுக்காக அந்த ஆறு மாதத்தில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷனை ரூபாயிலேயே போட்டிருப்பார்கள். திட்டத்தின் செலவு விகிதமும் பக்கத்தில் இருக்கும். நான் பல வருடம் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஒரு நாள் பார்த்தால், எனக்கு ஒரு முறைகூட போன் செய்யாத ஒருவர் பேரில் நாலாயிரத்துச் சொச்சம். சதவீதமாகக் கேட்டபோது வராத எரிச்சல் ரூபாயாகப் பார்த்ததும் வந்தது.

இன்னும் எளிய சோதனை ஒன்று: உங்கள் ஃபண்டின் ரெகுலர் என்ஏவி, டைரக்ட் என்ஏவி இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013-க்குப் பிறகு வந்த திட்டமாக இருந்தால் இரண்டும் பொதுவாக ஒரே பத்து ரூபாயில் தொடங்கியிருக்கும். இன்றைக்கு உள்ள இடைவெளி முழுவதும் கட்டணம்தான், வேறு எதுவும் இல்லை. ‘டைரக்ட் யூனிட் விலை அதிகமா இருக்கே, ரெகுலர்தானே சல்லிசு?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அதிக விலைதான் மிச்சப்பட்ட கட்டணம்.

கமிஷன் வாங்குகிற எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, “விற்காதீங்க மேடம், எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்க” என்று உங்களைப் பிடித்து நிறுத்தியவர் ஒருவர் இருந்தால், அவர் வாங்கியதற்கு வேலை செய்திருக்கிறார். அப்படி ஒருவர் கூட இருந்தால்தான் தாக்குப்பிடிப்பேன் என்பவர் ரெகுலரிலேயே இருக்கலாம். ஆனால் தொகை பெரிதாகும்போது, செபியில் பதிவு செய்த, கமிஷன் வாங்காத ஆலோசகரிடம் இத்தனை ரூபாய் என்று பேசிக் கொடுப்பது பெரும்பாலும் மலிவாக முடியும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களைச் சேர்த்துவிட்டவர் பிறகு தலைகாட்டியதாகவே தெரியவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாறிவிடுவேன்.

கேள்வி: ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றினால் வரி கட்ட வேண்டும் என்கிறார்களே, ஒரே ஃபண்டுதானே? – கோவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஃபண்டு ஒன்றுதான். ஆனால் வரித்துறைக்கு அது ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கியது மாதிரி. ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளின் லாபத்துக்கு, இப்போதைய விதிப்படி, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. ஒரு வருடம் ஆகாதவற்றுக்கு 20%, பல திட்டங்களில் சீக்கிரம் வெளியேறுவதற்கான 1% கட்டணம், எக்ஸிட் லோடு, அதுவும் சேரும். வரி சேமிப்புக்காகப் போட்ட இஎல்எஸ்எஸ் என்றால் ஒவ்வொரு தவணையும் மூன்று வருடம் முடியாமல் நகராது.

மேலே உள்ள ஆசிரியையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவருடைய கடைசி பன்னிரண்டு தவணைகளை விட்டுவிட்டால் மீதியில் லாபம் சுமார் 2.42 லட்சம். ஒரே மூச்சில் மாற்றினால் செஸ் சேர்த்து 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரி. இதைப் பார்த்து பயந்து அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் அவரிடம் உள்ள 9.68 லட்சத்துக்கு ஒரு பர்சென்ட் என்பது வருடத்துக்கு 9,700. இரண்டு வருடத்துக்குள் வரியை ஈடுகட்டிவிடும். அதைக்கூடக் கட்டாமல் தப்பலாம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டின் 1.25 லட்சமும் கிடைக்கும்.

பழைய யூனிட்தான் முதலில் போகும், அதில்தான் லாபம் அதிகம். அதனால் மார்ச்சில் பாதிப் பணத்தை மாற்றிவிடாதீர்கள். இவர் விஷயத்தில் முதல் ஒன்றரை வருடத் தவணைகளிலேயே லாபம் 1.16 லட்சம் வந்துவிடுகிறது. இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3 லட்சம்தான். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் எல்லை ஓரிரு ஆயிரம் தாண்டினாலும், தாண்டியதற்கு மட்டும்தான் வரி. அதே வருடம் வேறு பங்கு, ஃபண்டு விற்ற லாபம் இருந்தால் அதுவும் இந்த 1.25 லட்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். கடைசி பன்னிரண்டு தவணைகள் ஒரு வருடம் ஆகும் வரை அங்கேயே இருக்கட்டும். டைரக்டுக்குப் போன யூனிட்டுகளுக்கு ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், எனவே உடனே தேவைப்படும் பணத்தை இதில் போட்டுக் குழப்பாதீர்கள்.

மாற்றிய பிறகு பலர் மறக்கும் விஷயம் ஒன்று. ஸ்விட்ச் போட்டால் சேர்ந்த யூனிட்டுகள்தான் நகரும். மாதாமாதம் பேங்கிலிருந்து போகும் பழைய எஸ்ஐபி பாட்டுக்கு ரெகுலரிலேயே விழுந்துகொண்டிருக்கும். அதைத் தனியாக நிறுத்தி, டைரக்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். புதிய விண்ணப்பத்தில் விநியோகஸ்தரின் பதிவு எண்ணுக்கான ARN என்ற கட்டத்தில் யாருடைய எண்ணும் இல்லாமல் DIRECT என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.