பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் சீட் இருக்கிறது, ஃபைல் இல்லை

கேள்வி: பிரசவ லீவ் முடிஞ்சு வேலைக்குத் திரும்பிட்டேன். சம்பளத்தைக் குறைக்கல, பதவியும் அதேதான். ஆனா நான் பார்த்துட்டிருந்த கிளையன்ட் எல்லாம் இப்போ வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. "குழந்தை சின்னது, மெதுவா பாத்துக்கலாம்"னு சொல்றாங்க. இது அக்கறையா, ஒதுக்கறாங்களா? எப்படித் தெரிஞ்சுக்கறது, என்ன பண்றது?

பதில்:

அக்கறை என்றால் உங்களிடம் கேட்டிருப்பார்கள், எதுவரைக்கும் என்று ஒரு தேதியும் சொல்லியிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால், சொல்கிறவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் நடப்பது ஒதுக்கல்தான். என் அலுவலகத்தில் இது நடந்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் நடக்கிற வழி பெரும்பாலும் இதேதான்.

நான் மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் இறக்குமதி டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுவதுபோலத்தான் தெரியும். உள்ளே வேலைகளுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் வந்ததும் சரக்கு எந்த எச்எஸ் கோடில், அதாவது வரியை நிர்ணயிக்கும் எந்த வகைப்பாட்டு எண்ணில், வரும் என்று முடிவெடுத்து, செக்லிஸ்ட் போட்டு, இறக்குமதியாளரிடம் ஒப்புதல் வாங்கி, கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைச் சுங்கத்துறையில் ஃபைல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய், அதன்பிறகு நாளுக்கு 10,000 ரூபாய் லேட் சார்ஜ். அதனால் எச்எஸ் கோடை முடிவு செய்கிறவருக்கும் கிளையன்ட்டிடம் நேரடியாகப் பேசுகிறவருக்கும்தான் அலுவலகத்தில் மதிப்பு. முடிந்த ஃபைல்களை ஸ்கேன் செய்வது, ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டிய ரெக்கார்டுகளை அடுக்குவது, பழைய பாண்டு கேன்சலேஷனுக்கு அலைவது இதெல்லாம் வேலைதான். ஆனால் இதில் எதையும் நாம் முடிவு செய்வதில்லை, யாருக்கும் நம் பெயர் தெரியப் போவதும் இல்லை.

விடுப்புக்குப் போகும்போது என் கிளையன்ட்களை இளைய சகஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். நல்ல பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். 26 வாரம் என்பது அரை வருடம். அரை வருடத்தில் ஒரு கிளையன்ட்டின் விரல் தானாக வேறு நம்பரை அழுத்தப் பழகிவிடும். நான் திரும்பி வந்தபோது மெயில்களில் என் பெயர் இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "ஏம்மா உனக்கு இந்த டென்ஷன், தம்பி பாத்துக்கறான், நீ பழைய பெண்டிங்கெல்லாம் க்ளியர் பண்ணு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை மறுத்துப் பேசுவதுதான் இதில் மிகக் கஷ்டமான பகுதி.

எனக்குத் தெளிவு வந்தது ஒரு கேஸ்கெட் ஷிப்மெண்டில். அம்பத்தூரில் இருக்கும் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்று என் பழைய கிளையன்ட். அவர்களுடைய சரக்குக்கு அதிகாரியிடமிருந்து சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஒரு கேள்வி வந்தது: இதை ஏன் 8484 என்ற கோடில் போட்டிருக்கிறீர்கள், ரப்பர் என்றால் 4016 அல்லவா? 2020 ஜூனில் முகமற்ற மதிப்பீடு முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூரிலும்தான். அப்போதிலிருந்து கேள்வி கேட்கும் அதிகாரி வேறு ஊரில்கூட இருப்பார். போய் நேரில் விளக்க முடியாது, எழுத்தில்தான் புரியவைக்க வேண்டும். தம்பி என் மேஜைக்கு வந்து கேட்டான். வெறும் வல்கனைஸ்டு ரப்பர் என்றால் 4016, உலோகத் தகட்டோடு வேறு பொருள் சேர்த்துச் செய்த கேஸ்கெட் என்றால் 8484, இந்த சப்ளையரின் கேட்லாக்கில் எந்தப் பக்கத்தில் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறது என்பதெல்லாம் சொன்னேன். பதிலின் வாக்கியங்களையும் சொல்லிக் கொடுத்தேன். அவன் தட்டி அனுப்பினான், கேள்வி தீர்ந்தது. மறுநாள் கிளையன்ட்டிடமிருந்து வந்த நன்றி மெயிலில் தம்பி பெயரும் முதலாளி பெயரும் இருந்தன.

ஆக "டென்ஷன் வேண்டாம்" என்று சொல்லி எடுத்த வேலையில் டென்ஷனான பகுதி என்னிடமே இருந்தது. பெயர் மட்டும்தான் போயிருந்தது. உங்கள் இடத்திலும் இதைப் பாருங்கள். சில வாரங்களுக்கு, ஒவ்வொரு முக்கியமான விஷயத்திலும் யார் முடிவெடுத்தார், யார் பெயரில் வெளியே போனது, மெயிலில் யார் யார் இருந்தார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனதில் இருப்பது வெறும் வருத்தமா, நிஜமாகவே நடக்கிறதா என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

அடுத்து, "சம்பளத்தைக் குறைக்கல" என்று எழுதியிருக்கிறீர்கள். பேஸ்லிப்பை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் சம்பளம் தவிர, முடித்த பில் ஆஃப் என்ட்ரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஊக்கத்தொகை உண்டு. பில்லுக்கு 150 ரூபாய் என்று வையுங்கள், மாதம் 40 பில் பார்த்தவருக்கு 6,000 ரூபாய். ஃபைல் இல்லையென்றால் அந்த 6,000மும் இல்லை. யாரும் எதையும் வெட்டவில்லை, ஆனால் கைக்கு வருவது குறைந்துவிட்டது. வருட முடிவில் அப்ரைசல் வரும். "இந்த வருஷம் உன் ஃபைல் கவுண்ட் கம்மி" என்பார்கள். விடுப்பில் இருந்த மாதங்களையும் ஃபைல் கொடுக்காத மாதங்களையும் ஒன்றாகக் கூட்டி, அதை உங்கள் திறமையின் அளவாகக் காட்டுவார்கள். வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சட்டத்தில் இந்த இடம்தான் முக்கியம். மகப்பேறு விடுப்பில் போனதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பணி நிபந்தனைகளை அந்தப் பெண்ணுக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும். ஆனால் "எனக்கு நல்ல ஃபைல் தரவில்லை" என்பதைப் பணி நிபந்தனை மாற்றம் என்று நிரூபிப்பது கடினம். வேலையைப் பங்கிடுவது நிர்வாகத்தின் உரிமை என்று சொல்லிவிடுவார்கள். ஊக்கத்தொகை குறைந்தது, கிரேடு இறங்கியது, இடமாற்றம் செய்தார்கள் என்றால் காகிதத்தில் காட்ட முடியும். அதனால்தான் பேஸ்லிப்பைப் பார்க்கச் சொன்னேன்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. எங்களைப்போன்ற சின்ன அலுவலகங்களில் குழந்தைகள் காப்பகம் கிடையாது, 50 பேர் இருந்தால்தான் அது கட்டாயம். வீடு காலடிப்பேட்டை, குழந்தை அம்மாவிடம். மெட்ரோ இருந்தாலும் நடுவில் போய் வருவது நடக்காது. இரண்டு இடைவேளையையும் சேர்த்து சாயங்காலம் முன்னதாகக் கிளம்புகிறேன் என்று பேசி வாங்கிக்கொண்டேன். அப்புறம் அதையே எடுத்து "அவங்க சீக்கிரம் போயிடுவாங்க, அர்ஜெண்ட் ஃபைல் கொடுக்க முடியாது" என்றார்கள். நீங்களும் இப்படி ஏற்பாடு செய்தால், அது சட்டப்படியான பாலூட்டும் இடைவேளைக்குப் பதிலாக என்று மெயிலில் எழுதி வையுங்கள். பர்மிஷன் கணக்கில் போகவிடாதீர்கள்.

கேட்பதை எப்படிக் கேட்பது என்பதில்தான் எனக்குப் பலன் கிடைத்தது. "எனக்குப் பழையபடி பொறுப்பு கொடுங்கள்" என்றால் "கண்டிப்பா கொடுக்கலாம்மா" என்று பதில் வரும், ஒன்றும் நடக்காது. நான் முதலாளிக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"சார், நான் விடுப்புக்கு முன் பார்த்த கிளையன்ட்களில் அம்பத்தூர் உதிரிபாகக் கம்பெனியையும் மணலி கெமிக்கல் கம்பெனியையும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் பார்க்க விரும்புகிறேன். முதல் இரண்டு ஷிப்மெண்டை நானும் தம்பியும் சேர்ந்து பார்க்கிறோம், அதன்பிறகு நான் தனியாக. இரவில் வரும் செக்லிஸ்ட்டை வீட்டிலிருந்தே சரிபார்த்து அனுப்ப முடியும். சிஎஃப்எஸ் எக்ஸாமினேஷனுக்கு மட்டும் ஆறு மணிக்குமேல் போக இயலாது. கிளையன்ட்டுகளுக்கு உங்கள் மெயிலிலிருந்து ஒரு வரி போனால் போதும்."

எது முடியும், எது முடியாது என்று நானே சொல்லிவிட்டதால் "உன்னால் முடியாதும்மா" என்று அவர் ஊகித்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. சிஎஃப்எஸ் என்ற கண்டெய்னர் கிடங்கில் நடக்கும் சரக்குச் சோதனைக்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ராத்திரி போய் வருவது உண்மையிலேயே என்னால் ஆகாது. ஆனால் எச்எஸ் கோடை முடிவு செய்ய அந்தச் சாலைக்குப் போகத் தேவையில்லை. கிளையன்ட்டுக்கு முதலாளியின் மெயில் போக வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். நாமே போன் செய்து "நான் வந்துட்டேன்" என்றால் அவர்களுக்குத் தர்மசங்கடம், தம்பியிடமிருந்து பிடுங்குவதுபோல ஆகிவிடும். தம்பிக்கும் வருமானம் குறையும் என்பதால் அவனிடம் முதலில் நானே பேசினேன். புதிதாக வந்த ஒரு கிளையன்ட்டை அவனுக்குக் கொடுக்கச் சொல்லி அந்த மெயிலிலேயே ஒரு வரி சேர்த்தேன்.

அம்பத்தூர் ஃபைல் திரும்பி வந்தது. மணலி வரவில்லை. அவர்களுக்கு இரவு பகலாக ஆள் வேண்டும், தம்பியிடம் பழகிவிட்டார்கள், மாற்ற விருப்பமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அது நியாயமாகவும் பட்டது. அதற்கு ஈடாக வேறு கிளையன்ட் கேட்டேன், கிடைக்க நாளானது.

இதைப் படிக்கிறவர்களில் இனிமேல்தான் விடுப்புக்குப் போகிறவர்கள் இருந்தால், ஒப்படைப்புக் குறிப்பிலேயே "திரும்பும் உத்தேசத் தேதி, அன்றிலிருந்து இந்த ஃபைல்கள் மீண்டும் என்னிடம்" என்று எழுதி முதலாளியிடம் "ஓகே" என்று ஒரு பதில் வாங்கி வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் அலுவலகத்தில் அடுத்து விடுப்புக்குப் போன பெண் அப்படித்தான் போனாள். திரும்பி வந்தபோது அவள் பேச்சை ஆரம்பிக்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த மெயிலையே ஃபார்வர்டு செய்தாள்.