புரொஜெக்டர் இல்லாமலும் பேசலாம்

"அடுத்த மாதம் புறக்கோட்டைப் பக்கத்துத் தெருப்பெயர்களைப் பற்றி 25 நிமிடம் பேசப் போகிறேன். 22 ஸ்லைடுகளை கூகுள் ஸ்லைட்ஸில் செய்து வைத்திருக்கிறேன். மண்டபத்தில் வைஃபை அடிக்கடி விழுமாம், புரொஜெக்டரும் பழையதாம். நான் என்ன செய்து வைக்கவேண்டும்?"
வாசகி, வெள்ளவத்தை

கூகுள் ஸ்லைட்ஸில் `File > Make available offline` என்று ஒரு வசதி இருக்கிறது. அது உங்கள் லப்டொப்பில், நீங்கள் ஏற்கெனவே செட் பண்ணி வைத்த பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். மண்டபத்துக் கணினியில்தான் போடவேண்டும் என்று கடைசி நேரத்தில் சொன்னால் அது கைகொடுக்காது. ஆகவே `File > Download > PDF Document (.pdf)` என்று போய் ஒரு பிடிஎஃப் எடுத்து, பென் டிரைவிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர்பொயின்ட் கோப்பை விட்டு பிடிஎஃப்பைச் சொல்வதற்குக் காரணம் எழுத்துரு. பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டிய ஸ்லைடுகளோடு ஒரு மண்டபத்துக்குப் போனேன். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. திரையில் 'தமிழ்' இருக்கவேண்டிய இடத்தில் `jkpo;` என்று நின்றது. நீங்கள் எழுதுவது யூனிகோட் என்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் நீங்கள் தேர்ந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, நீளமான தெருப்பெயர்கள் அட்டவணையின் கட்டத்தை விட்டு வழியும். பிடிஎஃப்பில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும்.

பிடிஎஃப்பில் இரண்டு விஷயங்கள் கைவிட்டுப் போகும். ஒன்று அனிமேஷன். ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி வைத்தவை எல்லாம் ஒரே பக்கத்தில், சில வேளை ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். வரைபடத்தில் தெருக்களை ஒவ்வொன்றாகக் காட்ட நினைத்திருந்தால், அந்த ஸ்லைடைப் பிரதி எடுத்து, படிக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்லைடுகள் ஆக்குங்கள். மற்றது வீடியோ. பிடிஎஃப்பில் அதன் படம் மட்டும்தான் நிற்கும், ஓடாது. வீடியோ இருந்தால் mp4 கோப்பாக அதே பென் டிரைவில் தனியாகப் போடுங்கள்.

முதல் நாள் இரவு, வீட்டில் வேறு யாருடையதாவது கணினியில் பென் டிரைவைக் குத்தி, வைஃபையை நிறுத்திவிட்டு எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அடோபி ரீடரில் `Ctrl+L` அழுத்தினால் முழுத்திரையில் வரும்.

இனி தாள். எல்லா ஸ்லைடுகளையும் அச்சடித்துக் கொடுப்பது வீண். வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாதது எது என்று மட்டும் பாருங்கள். உங்கள் பேச்சில் அப்படியானவை இரண்டு: வரைபடமும் பெயர் அட்டவணையும். செட்டியார் தெரு, ஹெட்டி வீதிய, சீ ஸ்ட்ரீட் என்று ஒரே தெருவுக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். அடுத்து கொம்பனித்தெரு, கொம்பஞ்ஞ வீதிய, ஆங்கிலத்தில் முன்பு ஸ்லேவ் ஐலண்ட் என்ற பகுதி. கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் பிடிபடும். காதால் கேட்டால் மூன்றாவது தெருவிலேயே ஆட்கள் தடுமாறிவிடுவார்கள். அதனால் ஏ4 தாளின் முன்பக்கம் வரைபடம், பின்பக்கம் அட்டவணை. 40 பேர் வருவார்கள் என்றால் இருவருக்கு ஒன்றாக 20 தாள் போதும்.

போட்டோக்கொப்பி கறுப்பு வெள்ளையில்தான் வரும். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பலாகிவிடும். வரைபடத்தில் நிறத்தை நம்பாமல் தெருக்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள், அதே எண் அட்டவணையிலும் இருக்கட்டும். புரொஜெக்டர் நடுவில் நின்றாலும் "தாளில் 4ஆம் எண்ணைப் பாருங்கள்" என்று பேச்சை அறுக்காமல் தொடரலாம்.

உங்களுக்கென்று தனியாக ஒரு தாள் வேண்டும். ஸ்லைடுக்கு ஒரு வரி, பக்கத்தில் அந்த இடத்துக்கு வரவேண்டிய நிமிடம். கரண்ட் போனால் மண்டபமும் இருட்டாகிவிடும், ஆகவே 16 புள்ளி அளவில் தடித்த எழுத்தாக எடுங்கள். இரண்டு தாள் ஆனாலும் பரவாயில்லை.

பேச்சு தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது திரையில் படம் வரவில்லை என்றால், வயரோடு மல்லுக்கட்டுவதை வேறொருவரிடம் விட்டுவிட்டுத் தாளைக் கொடுக்கத் தொடங்குங்கள். போட்டோக்கொப்பியை முதல் நாளே எடுத்து வையுங்கள், அன்று காலை கரண்ட் இல்லாவிட்டால் கடையிலும் மெஷின் ஓடாது.