பேரவைக் கூட்டத்து ஸ்லைடுகள்: கடன், சேமிப்பு, ஈவு – கேள்வி பதில்

கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சேலத்தில் தெரிந்த சங்கங்களுக்கு ஆண்டறிக்கை ஸ்லைடு தயாரிக்கக் கூடமாட உதவுகிறேன். வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில்.

அம்மாப்பேட்டை உறுப்பினர்: சார், ஸ்லைடுல ஈவு 10 சதவீதம்னு பெருசா போட்டாங்க. எனக்குப் பங்கு 20,000, சேமிப்பு 80,000, மொத்தம் ஒரு லட்சம் இருக்கு. பத்தாயிரம் வரும்னு பார்த்தா 1,250 தான் வந்திருக்கு. ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை, ஆனால் அந்த ஸ்லைடு உங்களை ஏமாற வைத்துவிட்டது. ஈவு என்பது பங்குத்தொகைக்கு மட்டும்தான், சிக்கன சேமிப்புக்கு அது கிடையாது, அதற்குத் தனியாக வட்டி. உங்கள் 20,000 பங்கில் பாதி டிசம்பர் கடைசியில் புதுக் கடன் வாங்கும்போது பிடித்த பங்காக இருக்கும், பாஸ்புக்கைப் பாருங்கள். பழைய 10,000-க்கு முழு வருடமும் சேர்ந்து 1,000, புதிய 10,000-க்கு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதம் மட்டும் 250. ஆக 1,250, கணக்கு உதைக்கவில்லை.

சேமிப்பு வட்டியும் 80,000-க்கு அப்படியே கிடைக்காது. வருட ஆரம்பத்தில் 68,000 இருந்து மாதம் ஆயிரம் ஏறியிருந்தால், மாதாமாதம் இருந்த தொகைக்கு 6 சதவீதம் போட்டால் 4,470 ரூபாய் வரும். அதையும் சேர்த்துத்தான் சங்கம் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஸ்லைடு போடுபவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: பங்கையும் சேமிப்பையும் ஒரே தூணில் அடுக்கி மேலே "10%" என்று எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு மாதிரி உறுப்பினரின் கணக்கை, இப்போது நான் போட்ட மாதிரி, நாலு வரியில் போட்டுவிட்டால் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும்.

செயலாளர், அஸ்தம்பட்டி பக்கம்: கடன் ஸ்லைடில் எந்தத் தொகையைப் போடுவது ஐயா? இந்த வருடம் கொடுத்தது 180 லட்சம், மார்ச் 31-ல் நிற்பது 320 லட்சம். தலைவர் பெரிய நம்பரைப் போடுங்கள் என்கிறார்.

ஒன்றை மட்டும் போட்டால் எதைப் போட்டாலும் தப்புதான். நாலு தூண் போடுங்கள்: ஏப்ரல் 1-ல் நின்றது 290, வருடத்தில் கொடுத்தது 180, வசூலானது 150, மார்ச் 31-ல் நிற்பது 320. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நாலாவது வர வேண்டும், உறுப்பினர் தன் இடத்தில் உட்கார்ந்தே சரிபார்த்துக்கொள்வார். வராவிட்டால் எங்கேயோ வட்டியை அசலோடு கலந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் வசூல் தூணில்தான் அது நடக்கும், ஏனென்றால் ரசீதில் இரண்டும் ஒன்றாகவே வருகிறது.

அடுத்த ஸ்லைடில் கேட்பு, வசூல், பாக்கி. இந்த வருடம் கட்ட வேண்டிய அசல் தவணை 166 லட்சம், வந்தது 150, தவணை தவறியது 16. அந்த 16-ஐ 320-ஆல் வகுத்தால் 5 சதவீதம், கேட்பான 166-ஆல் வகுத்தால் 9.6 சதவீதம். எதனால் வகுத்தீர்கள் என்று அடியில் எழுதுங்கள். போன வருடம் ஒரு கணக்கு, இந்த வருடம் இன்னொரு கணக்கு என்று மாற்றிவிட்டு "பாக்கி குறைந்தது" என்று காட்டிய சங்கத்தைத் தணிக்கையில் பார்த்திருக்கிறேன்.

வங்கி ஊழியர், ஐந்து ரோடு: 5 சதவீதம்தான் சரி. வங்கியில் நாங்கள் மொத்தக் கடனால்தான் வகுக்கிறோம். 9.6 என்று போட்டு ஏன் மக்களைப் பயமுறுத்த வேண்டும்?

கீழே வகுப்பது சரி, மேலே வைப்பதை விட்டுவிட்டீர்கள். 90 நாளுக்கு மேல் தவறிய கணக்கில் வங்கி தவறிய தவணையை மட்டும் எடுப்பதில்லை, அந்தக் கடனில் நிற்கும் மொத்தத் தொகையையும் வாராக்கடனில் சேர்க்கிறது. இந்தச் சங்கத்தில் அப்படி 90 நாள் தாண்டியவர்களின் முழுக் கடனையும் கூட்டினால் 45 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது 320-க்கு 14 சதவீதம். வங்கி முறைதான் வேண்டும் என்றால் அந்த 14-ஐப் போடத் தயாரா?

உறுப்பினர்களுக்கு எது புரியும் என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் கேட்பு பக்கம், ஏனென்றால் "நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வந்தது" என்பது யாருக்கும் புரியும்.

சூரமங்கலம் உறுப்பினர்: நான் ஜாமீன் போட்ட ஆள் கட்டவில்லை அண்ணா, என் சம்பளத்தில் மாதம் 2,000 பிடிக்கிறார்கள். என் கதை இந்த ஸ்லைடில் எங்கே வரும்?

வேறு கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் பிடிப்பதும் வசூல் தூணுக்குள்தான் போகிறது. வாங்கியவர் கட்டினாரா ஜாமீன்தாரர் கட்டினாரா என்று படத்தில் தெரியாது. வசூல் பிரமாதமாகத் தெரிகிற சில சங்கங்களில் அதில் கணிசமான பகுதி ஜாமீன்தாரர் சம்பளத்தில் இருந்து வந்ததாக இருக்கும். பேரவையில் எழுந்து "வசூலில் ஜாமீன்தாரரிடம் பிடித்தது எவ்வளவு" என்று கேளுங்கள், அந்தத் தூணை இரண்டு நிறமாகப் பிரித்துப் போடுவது பெரிய வேலை இல்லை. உங்கள் பணம் பற்றி: பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். ஜாமீன்தாரர் கட்டிய தொகையைக் கடன்காரரிடம் திரும்பக் கேட்க 1872 ஒப்பந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆள் கொடுப்பாரா என்பது வேறு.

காபி விவசாயி, ஏற்காடு: எங்க சங்கத்து ஸ்லைடுல மார்ச் 31-ல கடன் ரொம்பக் கம்மியா காட்டுதுங்க. ஆனா ஊர்ல எல்லாரும் கடன்லதான் இருக்கோம். எப்படி?

மலையில் காபி பறிப்பு நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி வாக்கில் முடிகிறது, பணம் கைக்கு வந்து கடனைக் கட்டுவதும் மார்ச்சுக்குள்தான். நிதியாண்டு முடியும் நாள் உங்கள் கடன் மிகக் குறைவாக இருக்கும் நாளாக அமைந்துவிடுகிறது. அது தப்பு இல்லை, ஆனால் ஒரே ஒரு நாளைப் படம் பிடித்தால் அப்படித்தான் தெரியும். பன்னிரண்டு மாதக் கடைசி நிற்பையும் ஒரு கோடாகப் போடச் சொல்லுங்கள், மேடும் பள்ளமும் தெரிந்துவிடும்.

மார்ச், ஏப்ரல் இரண்டுக்கும் வாரக் கடைசி நிற்பையும் அந்தக் கோட்டில் சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். மார்ச் கடைசி வாரம் சட்டென்று விழுந்து ஏப்ரல் முதல் வாரம் அதே உயரத்துக்கு ஏறினால், அது காபிப் பணம் இல்லை. பழைய கடனைக் கட்டியதாக எழுதி, அதே ஆட்களுக்கு அதே தொகையைப் புதுக் கடனாகக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரல் கடன் பதிவேட்டையும் மார்ச் வசூலையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பெயர்கள் வரும்.

ஸ்லைடு தயாரிக்கும் இளைஞர், சங்க எழுத்தர்: சார், சேமிப்பு 210 லட்சத்துல இருந்து 218 ஆச்சு. எக்சல்ல சார்ட் போட்டா ரெண்டாவது தூண் பல மடங்கு உயரமா வருது. நல்லாத்தான் இருக்கு, விட்டுடவா?

விடாதீர்கள் தம்பி. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எக்சல் தானாகவே அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் மேலே எங்கோ தொடங்கிவிடும். அச்சின் மேல் வலது கிளிக், `Format Axis`, அதில் `Minimum` என்ற இடத்தில் `0`. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரியும், 4 சதவீத வளர்ச்சி அப்படித்தான் இருக்கும். 21,000,000 மாதிரி நம்பர் வந்தால் பக்கத்து நெடுவரிசையில் லட்சமாக்கிவிட்டு அதை வைத்துப் படம் போடுங்கள்:

```
=B2/100000
```

அப்புறம், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான் உறுப்பினர் கைக்குப் போகும். பச்சையும் சிவப்பும் அதில் ஒரே சாம்பல். தொகையைத் தூணின் மேலேயே எழுதிவிடுங்கள்.