பேஸ்மென்ட் பள்ளத்தில் கிளம்பிய ஊற்று, பக்கத்து வீட்டில் விழுந்த விரிசல்

கேள்வி: கடலூரில் ஒரு வணிக வளாகத்துக்கு 6 மீட்டர் ஆழத்தில் பேஸ்மென்ட் எடுக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்தேன். சாயில் ரிப்போர்ட் ஓனர் கொடுத்ததுதான். 8 மீட்டர் வரை களிமண், தண்ணீர் இல்லை என்று அதில் இருந்தது. ஐந்தரை மீட்டர் போனபோது ஒரு நாள் மாலை தரை உப்பின மாதிரி தெரிந்தது. ஓனரின் இன்ஜினியர் "அதெல்லாம் ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்" என்றார். விடியற்காலையில் தரை வெடித்து ஊற்று கிளம்பிவிட்டது. 6 மோட்டார் வைத்து 4 நாள் இரவு பகலாக இறைத்தேன், எல்லாம் என் கைக்காசு. இப்போது பக்கத்து வீட்டில் போர்டிகோ இறங்கி சுவர் விரிந்திருக்கிறது. 30 வருட வீடு. 24 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓனரோ என் 38 லட்சம் பில்லை நிறுத்திவிட்டு ஆட்கள் முன்னால் என்னைத் திருடன் என்கிறார். 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு புகார் கிடையாது. பிறகு போட்ட போரில்தான் 9 மீட்டரில் மணல் இருப்பதும், அதன் தண்ணீர் தரைக்கு ஒன்றரை மீட்டர் கீழே வரை ஏறி நிற்பதும் தெரிந்தது. பூமிக்கு அடியில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஓனர் மேல் கேஸ் போடலாமா?

பதில்:

திருடன் என்று சொன்னதை விடுங்கள். 22 வருட அனுபவத்தையும் நீதிமன்றத்தில் சொல்லாதீர்கள், "இத்தனை அனுபவம் இருந்தும் தெரியவில்லையா" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதற்குத்தான் அது உதவும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான், அதை நீங்கள் எழுதவே இல்லை. 4 நாள் இறைத்தீர்களே, வெளியே போனது வெறும் தண்ணீரா, அதோடு மணலும் போனதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு. தன் நிலத்துக்கு அடியில், வாய்க்கால் மாதிரி வரையறுத்த பாதை இல்லாமல் கசிந்து ஓடும் தண்ணீரை எடுக்க அந்த நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. பக்கத்துப் பக்கத்து நிலங்களுக்கு இடையிலான உரிமைகளைச் சொல்லும் 1882-ம் வருட ஈஸ்மென்ட் சட்டம் 7-வது பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது. தண்ணீர் இறங்கியதால் பக்கத்து நிலம் இறங்கியது என்றால் அதில் வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அதே பிரிவில், பக்கத்து மண் தரும் தாங்கலை இழக்காமல் இருக்கும் உரிமையும் ஒவ்வொரு நிலத்துக்கும் உண்டு என்று இருக்கிறது. மேலே நிற்கும் கட்டடத்துக்கும் 20 வருடம் தடையில்லாமல் அந்தத் தாங்கல் கிடைத்திருந்தால் 15-வது பிரிவின்படி உரிமை வந்துவிடும். அவர் வீடு 30 வருடம் ஆனது. மணலை உறிஞ்சி வெளியே விட்டீர்கள் என்றால் அவர் வீட்டுக்கு அடியில் இருந்த தாங்கலைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

இங்கிலாந்தில் இதே சண்டை 1899-ல் நடந்து முடிந்துவிட்டது. ஒரு எரிவாயு கம்பெனி எரிவாயுத் தொட்டிக்காகக் குழி தோண்டியபோது அடியில் ஓடும் வண்டல் மண் படுகை குறுக்கிட்டது, தண்ணீரோடு அதையும் சேர்த்து இறைத்தார்கள், பக்கத்து நிலம் இறங்கியது. "நாங்கள் எடுத்தது தண்ணீர்தான், அதில் கொஞ்சம் மண் கலந்திருந்தது" என்று கம்பெனி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை, நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. ஜோர்ட்சன் எதிர் சட்டன் கேஸ் கம்பெனி என்று தேடினால் கிடைக்கும். நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாதுதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் விவரம் தெரிந்தவர் என்றால் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

சரி, மணல் போயிருக்குமா? உங்கள் கணக்கைப் பார்த்தால் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மணல் 9 மீட்டரில் ஆரம்பிக்கிறது, அதன் தண்ணீர் தரைக்கு 1.5 மீட்டர் கீழே வரை ஏறுகிறது. அப்படியானால் களிமண்ணின் அடிப்பாகத்தை ஏழரை மீட்டர் உயரத் தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது, சதுர மீட்டருக்கு 7.5 டன். அதை அமுக்கிப் பிடிப்பது மேலே இருக்கும் களிமண்ணின் எடை மட்டும்தான், கன மீட்டருக்கு சுமார் 1.8 டன். நீங்கள் 4.8 மீட்டர் தோண்டியபோதே மீதிக் களிமண்ணின் எடையும் தண்ணீரின் தள்ளலும் சமமாகிவிட்டன. ஐந்தரை மீட்டரில் மிச்சம் மூன்றரை மீட்டர் களிமண், அதாவது 6.3 டன்தான். களிமண்ணின் ஓரப் பிடிப்பு கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும், அந்த நேரத்தில்தான் தரை உப்பியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் மணல் படுகையின் அழுத்தத்தை இரவு பகலாக பம்ப் வைத்துக் குறைத்துக்கொண்டே வெட்டுவது இதே காரணத்துக்காகத்தான். உங்கள் மாவட்டத்தில் இதைக் கேள்விப்படாத காண்டிராக்டர் இருக்க மாட்டார், நீதிபதியும் கேள்விப்பட்டிருப்பார். "எனக்கு எப்படித் தெரியும்" என்பது அங்கே எடுபடாது.

ரிப்போர்ட்டில் தண்ணீர் இல்லை என்பதும் பெரிய கேடயம் இல்லை. 8 மீட்டரில் நிறுத்திய துளை களிமண்ணுக்குள்ளேயே முடிந்துவிட்டது, அடியில் இருந்த மணலை அது தொடவே இல்லை, பிறகு தண்ணீர் எங்கிருந்து தெரியும்? 6 மீட்டர் தோண்டப் போகிறவர் 8 மீட்டரில் நின்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போதே கீழே என்ன என்று கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "தளத்தின் நிலைமையை ஒப்பந்ததாரர் தாமே பார்த்துத் திருப்தி அடைந்தார்" என்று ஒரு வரியும், "தண்ணீர் இறைப்பது உட்பட" என்று ஒரு வரியும் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஓனரோடு உங்கள் சண்டை கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதை ஆர்பிட்ரேட்டரிடம் பார்த்துக்கொள்ளலாம், அது ஓடிப் போகாது.

என் பயமெல்லாம் அந்த 6 மோட்டார் மேல்தான். நேரடியாகச் சொல்கிறேன், ஊற்று கிளம்பியதும் குழிக்குள் மோட்டாரை இறக்கியதுதான் நீங்கள் செய்த பெரிய தப்பு. ஊற்று வாயில் இறைக்க இறைக்க கீழே இருக்கும் அழுத்த வித்தியாசம் கூடும், தண்ணீர் இன்னும் வேகமாக வந்து மணலைத் தூக்கிக்கொண்டு வரும். மோட்டாரை நிறுத்தி குழியில் தண்ணீர் ஏற விட்டிருந்தால், அல்லது தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டியிருந்தால், அந்த எடையே ஊற்றை அடக்கியிருக்கும். அப்புறம் குழிக்கு வெளியே ஃபில்டர் வைத்த போர் போட்டு, மணலில் இருக்கும் தண்ணீரை மட்டும் எடுத்து 3 மீட்டர் இறக்கியிருந்தால் 6 மீட்டர் வரை பயமில்லாமல் போயிருக்கலாம். ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 300 லிட்டர் என்று வைத்தாலும் 4 நாளில் ஒரு கோடி லிட்டருக்கு மேல் இறைத்திருக்கிறீர்கள். ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் மணல் என்று ரொம்பக் கம்மியாகவே போட்டாலும் மூன்றரை யூனிட் மணல். அது எங்கிருந்து வந்தது என்றுதான் எதிர்த்தரப்பு நிபுணர் கேட்பார். போர்டிகோவுக்கு அடியில் இருந்து என்று அவரே பதிலும் சொல்லிவிடுவார்.

அதனால் தண்ணீரை விட்ட வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைஸான மணல் தேங்கியிருக்கும், ஊற்று வாயைச் சுற்றிச் சின்ன எரிமலை மாதிரி கூம்பு கட்டியிருக்கும். அதைத் தொடாதீர்கள், "கார்ப்பரேஷன்காரன் திட்டுவான்" என்று அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள். இடத்தைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் வரும் நேரத்தில் வாய்க்கால் மட்டும் பளபளவென்று இருந்தால், மணல் இருந்ததைவிட அதுதான் மோசம். ஊற்று சாயில் டெஸ்ட் போட்ட பழைய துளையில் கிளம்பியதா என்றும் பாருங்கள். டெஸ்ட் முடிந்ததும் துளையை அடைக்காமல் விட்டால், பலவீனமான அந்த இடத்தில்தான் முதலில் கிளம்பும். உங்களுடையது 8 மீட்டர் துளை, மணலுக்கு மேலே ஒரு மீட்டர் களிமண்தான் மிச்சம். அப்படி இருந்தால் துளை போட்ட கம்பெனியும் பங்காளி, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உருப்படியான வாதம் அது ஒன்றுதான்.

இனி நான் நேரில் பார்த்த கதை. இதே மாதிரி ஒரு காண்டிராக்டர், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததும் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே பேசி, "சேதம் முழுவதையும் என் சொந்தச் செலவில் சரி செய்து தருகிறேன்" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தார். நல்ல மனுஷன். அவரிடம் காண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி இருந்தது, மூன்றாம் நபர் சேதமும் அதில் சேர்ந்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பத்திரத்தைக் காட்டி, எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்கள், இது பாலிசி நிபந்தனைக்கு விரோதம் என்று கை கழுவிவிட்டது. ஓனரும் அதே பத்திரத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார். மூன்று பேர் பங்கு போட வேண்டிய பணத்தை அவர் ஒருவரே கொடுத்தார்.

உங்களிடம் பாலிசி இருந்தால் இன்றைக்கே தகவல் கொடுங்கள், ஏற்கெனவே தாமதம். கூடவே, தாங்கல் அகற்றுதல் அல்லது பலவீனப்படுத்துதல் என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு, வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வழக்கமான பாலிசியில் இந்த மாதிரி சேதம் விலக்கப்பட்டிருக்கும், தனி பிரீமியம் கட்டினால்தான் சேரும். ஓனருக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ, அந்த இன்ஜினியருக்கோ வாட்ஸ்அப்பில்கூட எதுவும் எழுதாதீர்கள். முக்கியமாக "மாலையே தரை உப்பியது" என்ற வரி. எனக்கு எழுதியது சரி, இன்னொருவருக்கு எழுதினால் ஆபத்து தெரிந்தே வேலையை விடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதற்காகக் கூண்டில் ஏறி இல்லை என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி அன்று மாலை இன்ஜினியருக்கு ஒரு மெசேஜாவது அனுப்பியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், அனுப்பவில்லை என்றால் இப்போது பழைய தேதி போட்டு எதையும் உருவாக்காதீர்கள்.

ஓனர் மேல் முதலில் கேஸ் போடலாமா என்று கேட்டீர்கள், வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டுக்காரரை முடியுங்கள், ஓனரையும் சேர்த்துக்கொண்டே முடியுங்கள். அவர் வரமாட்டேன் என்பார், காண்டிராக்டர் செய்த வேலைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்பார். பக்கத்துக் கட்டடத்தின் தாங்கலைப் பாதிக்கும் வேலையைக் கொடுத்தவர், காண்டிராக்டரைக் காட்டித் தப்ப முடியாது என்பது 1881-ல் டால்டன் எதிர் ஆங்கஸ் வழக்கிலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. அவர் வக்கீலுக்கு இது தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதத்தோடு, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து மதிப்பிட்டு, பொறுப்பை யாரும் ஒப்புக்கொள்ளாமல், உங்களுக்கும் ஓனருக்கும் உள்ள கணக்கை அப்படியே விட்டுவைத்து, மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் உடன்பாடு. 24 லட்சம் கேட்கிறவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் பேசினால் நிச்சயம் குறைவு. ஒரு மழை பெய்து விரிசல் இன்னும் விரிந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

அதுவரை குழியை வெறுமனே திறந்து போட்டு வைக்காதீர்கள். மோட்டார் எதுவும் ஓடினால் இதைப் படித்த கையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.