களஞ்சிய மேற்பார்வையிலிருந்து கேள்வித் திட்டமிடலுக்கு மாறுவது எப்படி?

"யாழ்ப்பாணத்தில் ஒரு விநியோக ஏஜென்சியின் களஞ்சியத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டிமாண்ட் பிளானிங் பக்கம் போகலாமா, இல்லை கொள்வனவா?"

பிளானிங்குக்குப் போங்கள். அங்கே தேவையான ஒரு விஷயம் உங்கள் கையில்தான் இருக்கிறது: எந்தப் பொருள் எந்த நாளில் ராக்கையில் இல்லாமல் போனது என்பது. கணினியில் விற்பனை மட்டும்தான் தெரியும், கடைக்காரர் கேட்டு இல்லையென்று அனுப்பியது தெரியாது.

உதாரணமாக ஒரு பிஸ்கட் 30 நாளில் 960 பெட்டி விற்றது என்று வையுங்கள். நாளுக்கு 32 என்று போடுவார்கள். ஆனால் அதில் 6 நாள் இருப்பே இல்லையென்றால் 960ஐ 24ஆல் வகுக்க வேண்டும், உண்மையான கேள்வி 40. கொழும்பிலிருந்து லொறி வர 4 நாள், கையிருப்புக் காப்பு 60 பெட்டி என்றால், 4 நாளுக்கு 160, காப்பு 60, ஆக 220க்கு இறங்கியதுமே ஓடர் போட வேண்டும். 32ஐ நம்பினால் 188 வரை காத்திருந்து, காப்பில் பாதிக்கு மேல் தின்றுவிடுவீர்கள், அதற்குள் லொறி ஒரு நாள் பிந்தினால் மறுபடியும் வெறும் ராக்கைதான். அடுத்த மாதக் கணக்கும் குறைவாகவே வரும்.

நல்லூர்த் திருவிழா வருடத்துக்கு வருடம் நாள் மாறும், அதனால் போன ஆகஸ்ட்டை இந்த ஆகஸ்ட்டோடு ஒப்பிடாமல் கொடியேற்றத்திலிருந்து எண்ணுங்கள்.

கொள்வனவில் பேரம், ஒப்பந்தம், சப்ளையரோடு இழுபறிதான் அதிகம். அது பிடிக்கும் என்றால் சரி. இல்லையென்றால் நேர்முகத்துக்கு இப்படி மூன்று பொருளின் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொண்டு போங்கள்.