மருந்து கொசுவலையைத் துவைக்கலாமா? கேள்வி பதில்

வியாசர்பாடியிலிருந்து: மருந்து வலை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுகிறேன். இப்போது கொசு உள்ளே வருகிறது. மருந்து போய்விட்டதா?

அநேகமாகப் போயிருக்கும் அம்மா. நீங்கள் இதுவரை ஏறக்குறைய 36 முறை துவைத்திருக்கிறீர்கள். இந்த வகை வலைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல், ஆய்வகத்தில் 20 துவைப்பு, வீட்டில் மூன்று ஆண்டுப் பயன்பாடு. வயதில் நீங்கள் பாதியில் இருக்கிறீர்கள். துவைப்பில் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

சில வலைகளில் மருந்து பாலிஎதிலின் நூலுக்குள்ளேயே கலந்திருக்கும். கொசுவின் காலில் ஒட்டுவது நூலின் மேற்பரப்பில் இருக்கும் மருந்து மட்டும்தான். துவைத்தால் அது போய்விடும். பிறகு உள்ளிருப்பது மெல்லக் கசிந்து மேலே வர வேண்டும். அதற்குச் சில நாட்களும் ஆகலாம், ஓரிரு வாரமும் ஆகலாம். நீங்களோ அது மேலே வந்து சேரும் நேரத்தில் மறுபடி வாளியில் போடுகிறீர்கள். பாலியஸ்டர் வலை என்றால் மருந்து நூலின் மேல் பிசின் பூச்சில் இருக்கிறது. ஊறவைத்து அடித்துத் துவைத்தால் பூச்சே தேயும். மொட்டைமாடி வெயில் இரண்டையும் கெடுக்கும். பச்சைத் தண்ணீர், மென்மையான சோப்பு, நிழல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவ்வளவுதான்.

கொசு உள்ளே வருவது வேறு சங்கதி. ஓட்டையைத் தேடுங்கள், மெத்தைக்கு அடியில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து நன்றாக இருக்கும்போது சிறு ஓட்டை பெரிய குற்றமில்லை, ஏனெனில் நுழையத் தேடும் கொசு வலையைத் தொட்டே ஆக வேண்டும். மருந்து போன வலையில் ஓட்டை வாசல்தான்.

பெரம்பூர்: துணிக்கடை வலையிலும் மருந்து இருக்குமா?

உறையில் மருந்தின் பெயர் அச்சிடப்படவில்லை என்றால் இல்லை.

ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்: வெயில் கூடாது என்பது தவறு. அந்தக் காலத்தில் துவைத்த வலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைப்போம். மருந்து மேலே வரும்.

பாதி சரி, சார். பெர்மெத்ரின் கலந்த பாலிஎதிலின் வலையில் சூடு பட்டால் மருந்து விரைவாக மேலே வரும். நீங்கள் பையில் கட்டியது அதற்காகத்தான். ஆனால் சூடு வேறு, நேர் வெயில் வேறு. கொடியில் விரித்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் மருந்தையே சிதைக்கிறது. பாலியஸ்டர் வலைக்கு உங்கள் பை வித்தை பொருந்தாது.

அதே நண்பர்: எங்கள் அனுபவத்தில் ஒரு வலையும் கெடவில்லை.

கெட்டதா என்று எப்படிப் பார்த்தீர்கள்? நிறமும் மாறாது, வாசனையும் சொல்லாது. ஆய்வகத்தில் கூம்பு வடிவக் குவளைக்குள் கொசுக்களை மூன்று நிமிடம் வலைமேல் விடுவோம். ஒரு மணி நேரத்தில் 95 சதவீதம் விழ வேண்டும், அல்லது ஒரு நாளில் 80 சதவீதம் சாக வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. வாங்கிய தேதியை வலையின் ஓரத்தில் மை பேனாவால் எழுதி, துவைக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள்.

கூவம் ஓரத்து வீடு: புது வலைமேல் கொசு உட்கார்ந்து பறந்துபோகிறது. போலி வலைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு, இந்த வலைகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பெரும்பாலும் பழகிவிட்டது. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வேறு இனம், நம் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. மருந்துக்குப் பழகாத ஆய்வகக் கொசு உங்கள் வலையில் செத்தால் வலை நல்லது, கொசுதான் கெட்டி. அந்தச் சோதனை இல்லாமல் இரண்டில் எது என்று நானும் சொல்ல மாட்டேன்.

திருவொற்றியூர்: கிணற்றடியில் வலை துவைத்தேன். மறுநாள் கிணற்றில் விட்டிருந்த கம்பூசியா மீன்கள் மிதந்தன. தண்ணீர் கெட்டுவிட்டதா?

கிணற்றுக்குள் அந்தத் துவைத்த நீர் வழிந்திருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இந்த மருந்து மனிதருக்கு லேசான எரிச்சல், மீனுக்கு எமன். கொசுப்புழுவைத் தின்ன விட்ட மீனைக் கொசு மருந்தாலேயே கொன்றுவிட்டீர்கள். கிணற்றை இறைத்துவிட்டுப் புது மீன் விடுங்கள். துவைத்த நீரைக் கிணறு, குளத்தை விட்டுத் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.

அண்ணாநகர்: வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது.

அடையாறு: பிளீச் போட்டு வெயிலில்...

மேலே சொன்னதைப் படியுங்கள். பிளீச்சும் கூடாது, வெயிலும் கூடாது.

மயிலாப்பூர்: பிரிக்காத வலை பீரோவில் இரண்டு வருடமாக இருக்கிறது. வீணா?

உறையில் போட்ட காலாவதித் தேதி தாண்டவில்லை என்றால் வீணில்லை. பிரித்து ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். முதல் இரவு முகத்தில் குறுகுறுப்போ தும்மலோ வந்தால் பயப்பட வேண்டாம். கட்டும் முன் துவைத்துவிடாதீர்கள்.