பச்சைப் பால் சீஸும் புகையிட்ட மீனும் சாப்பிட்டுவிட்ட கர்ப்பிணிக்கு

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், 22 வாரக் கர்ப்பம். மூன்று நாள்களுக்கு முன் அலுவலக விருந்தில் பிரீ சீஸ், புகையிட்ட சால்மன், ஹாம் எல்லாம் சாப்பிட்டேன். சீஸ் பச்சைப் பாலில் செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாமே ஃப்ரிட்ஜில் இருந்தவைதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா, டாக்டர்?

பதில்: இப்போது வேண்டாம். இத்தகைய உணவுகளில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி இரத்தத்தில் பரவியிருந்தால்தான் பரிசோதனை அதைக் காட்டும். அப்படிப் பரவினால் பெரும்பாலும் காய்ச்சல் வரும். அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்தும் தருவதில்லை. சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது.

ஆனால் மூன்று நாள் கடந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் முடியாது. கர்ப்பிணிகளிடம் இது சில வாரங்கள் கழித்தும் வெளிப்படும். எனவே இரண்டு மாதம் கவனமாக இருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மகப்பேறு பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தேதியில் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்று விட்டுவிட வாய்ப்புண்டு. தாய்க்கு லேசான காய்ச்சலாக இருப்பது நஞ்சுக்கொடி வழியே குழந்தையைத் தாக்கி, கருச்சிதைவிலோ குழந்தையின் இறப்பிலோ முடியலாம். சந்தேகம் இருந்தால் இரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் பென்சிலின் வகை மருந்தான ஆம்பிசிலினைத் தொடங்குவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜை நம்பியதில்தான் சிக்கல். மற்ற பல கிருமிகள் முடங்கிவிடும் 4 டிகிரி குளிரிலும் லிஸ்டீரியா மெதுவாகப் பெருகும். காற்றில்லாத பாக்கெட்டும் அதைத் தடுக்காது. கடைசித் தேதியை நெருங்கிய புகையிட்ட மீன் பாக்கெட் எனக்கு ஒருபோதும் பிடிப்பதில்லை. சால்மனுக்குப் பெரும்பாலும் 30 டிகிரிக்கும் குறைவான புகைதான் காட்டுகிறார்கள். மணம் ஏறுமே தவிர மீன் வேகாது. பிரீயில் ஈரம் அதிகம். வெள்ளைப் பூஞ்சை வளர வளரப் புளிப்பும் குறைந்து கிருமிக்கு வசதியாகிவிடுகிறது. அதனால்தான் பாஸ்டுரைஸ் செய்த பாலில் செய்த பிரீயையும் சூடாக்காமல் சாப்பிட வேண்டாம் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.

ஹாம் விஷயத்தில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பாக்கெட்டில் வரும் வேகவைத்த ஹாமை என்.எச்.எஸ். அனுமதிக்கிறது, அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 74 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறது. கடையில் திறந்து வைத்து அரிந்து தரும் இறைச்சிக்கு நான் அமெரிக்கர்கள் பக்கம்: வெட்டும் இயந்திரத்தின் கத்தியிலிருந்தே கிருமி தொற்றலாம்.

சால்மன் மீது ஆசை விடவில்லையென்றால் பாஸ்தாவிலோ முட்டையிலோ சேர்த்து, நடுப்பகுதி வரை ஆவி பறக்கும்படி வேகவையுங்கள். ஒளி ஊடுருவும் செம்மை போய், வெளிறி, உதிரியாக வர வேண்டும். ஆறவைத்துச் சாப்பிடாமல் சூடாகவே சாப்பிடுங்கள். செடார், பார்மசான் போன்ற கெட்டிச் சீஸ்களுக்குத் தடையில்லை.